மாடிப்படிக்காரிக்கு ஒரு பிரெஞ்சுக் கடிதம்

16 ஜனவரி 1986, வியாழன். குருநகர்

எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. காலையில் கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாம். வந்த பத்தொன்பது பேருக்கும் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பாரிசிலிருந்து தம்பி நாதனின் கடிதம். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஒரு தாள். சுகம், குளிர், சாப்பாட்டுக்கடையில் தட்டுக் கழுவுகிற வேலை. உள்ளே நாலாய் மடித்து இன்னொரு தாள்: "அக்கா மட்டும் வாசிக்க."

வாசித்தேன். நாதனுக்கு விசர் பிடித்துவிட்டது.

அவன் இருக்கும் கட்டிடத்தில் நாலாம் மாடியில் ஒருத்தியாம். மரிவோன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. ஒக்டோபரில் ஒருநாள் அவளுடைய நூல் பை மாடிப்படியில் அறுந்து வெங்காயமெல்லாம் கீழே உருண்டு போயிருக்கிறது. (நம்முடைய வலையையே சின்னதாகப் பின்னிக் கைபிடி வைத்த மாதிரி ஒரு பையாம். அங்கே பொம்பிளைகள் சந்தைக்கு அதைத்தான் கொண்டுபோவார்களாம்.) இவர் ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, படியிலேயே குந்தியிருந்து அறுந்த இடத்தை முடிச்சுப்போட்டுக் கொடுத்தாராம். அன்றிலிருந்து பேச்சு. டிசம்பரிலிருந்து ஞாயிறு தோறும் ஒன்றாக நடக்கப் போகிறார்களாம்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குசினிப் பிரெஞ்சு. சூடு, கெதியா, கழுவு, முடிஞ்சுது. இதுகளை வைச்சு என்னத்தைக் கதைக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், நீ மனசுக்குள்ளை ஒண்டுமே நினைக்கிறேல்லையோ எண்டு. எனக்கு அழுகை வந்திட்டுது. பெப்ரவரி பதினாலு இங்கை சோடியளின்ரை நாள். கடையிலை அட்டை விக்கும். எல்லாத்திலையும் ஒரே பல்லவிதான், அதுகளைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. நீ எழுதித் தா. நான் பாத்து எழுதிக் குடுக்கிறன். இதையும் கோட்டைவிட்டால் அவள் என்னை ஊமை எண்டு விட்டிட்டுப் போயிடுவாள். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

மடையன்! அம்மாவும் தரகர் செபமாலை அண்ணையும் பாஷையூரில் ஒரு பிள்ளையைப் பார்த்து முக்கால்வாசி பேசி முடித்துவிட்டார்கள். இவன் அங்கே வெங்காயம் பொறுக்குகிறான்.

ஆனால் ஒன்று. இந்தக் குருநகர் முழுக்கத் தேடினாலும் இதை எழுதக்கூடிய ஆள் வேறு யார்?

17 ஜனவரி

எழுதமாட்டேன்.

19 ஜனவரி, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து எழுத உட்கார்ந்தேன். எல்லாம் அம்மாவால்தான். சாப்பிடும்போது வழக்கமான பாட்டு. "மூண்டு வருஷம் கன்னியர் மடத்திலை இருந்து என்னத்தைக் கொண்டு வந்தனி? ஒரு பாஷையும், குனிஞ்சு நிலம் துடைச்ச நாரி நோவும்."

அந்தப் பாஷையால்தான் தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் பிரான்ஸ் அகதிக் கடுதாசிகளைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருகிறார்கள். அது அம்மாவின் கண்ணுக்குப் படாது. சரி, பார்ப்போம் என்று பேனையை எடுத்தேன். ஒரே மூச்சில் ஒரு பக்கம் வந்தது. வாசித்துப் பார்க்க எனக்கே மெய் சிலிர்த்தது.

Ô ma bien-aimée, mon cœur brûle pour vous, je me donne à vous tout entier, pour l'éternité...

என் இதயம் உமக்காக எரிகிறது, என்னை முழுவதும் உமக்கே கையளிக்கிறேன், நித்தியத்துக்கும். ஒரு பிழை இல்லை. மடத்தில் பிரெஞ்சு படிப்பித்த மதர் இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பா.

21 ஜனவரி

பள்ளிக்கூடம் விட்டு மடத்துக்குப் போய் லூர்த்தம்மாவிடம் காட்டினேன். என்னோடு ஒரே நாளில் மடத்தில் சேர்ந்தவள். நான் வெளியே வந்தேன், அவள் நின்று சிஸ்டர் ஆகிவிட்டாள். வாசித்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு பொத்தியும் நிற்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எடி பெர்னடெட், இதை ஆசீர்வாதத்திலை பாடலாமடி! இது சேசுவின்ரை திரு இருதயத்துக்கு எழுதின மாதிரியெல்லோ கிடக்கு. வெங்காயம் கொண்டுபோற பெட்டைக்கு ஆரடி 'உமக்கு' எண்டு எழுதுறது?"

முகம் சுட்டது. கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய பண்டிதை!

வழியெல்லாம் நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அவள் சொன்னது சரிதான். நான் பிரெஞ்சில் நேசிக்கக் கற்றுக்கொண்டது ஒரேயொருவரை. அவரோடு பேசிய பாஷைதான் என் கைக்கு வருகிறது. நாதனோ ஒரு மனுசிக்கு எழுதக் கேட்கிறான்.

22 ஜனவரி

இரண்டாம் முறை. மடத்துப் பாஷையை விட்டு, tu என்று 'நீ' போட்டு எழுதினேன். அதில் வந்து நின்றவை: நீ என் வாழ்வின் சூரியன். உன் கண்கள் நட்சத்திரங்கள். சிவப்பு ரோசா. என்றென்றும்.

கடை அட்டையேதான்! இதற்கு என்னிடம் ஏன் கேட்டான்?

இன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். சூரியனை வெட்டினேன், அது யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துவது இவளுக்கு எழுதியதாகாது. கண்ணை வெட்டினேன், அவளுடைய கண்ணின் நிறம்கூட எனக்குத் தெரியாது. pour toujours, என்றென்றும் என்பதை இரண்டு முறை வெட்டினேன். மூன்று மாதப் பழக்கத்தின் தலையில் என்றென்றும் என்று ஏற்றினால் எந்தப் பெண்ணும் பயந்து படியேறிக் கதவைப் பூட்டிக்கொள்வாள்.

கடைசியில் மிஞ்சியது je t'aime. அதில்தான் அரை மணித்தியாலம் போனது. நாதன் இன்னும் அதை அவளிடம் வாயால் சொன்னதாக எழுதவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு அது லேசான சொல் அல்ல. கூட ஒரு bien சேர்த்து 'je t'aime bien' என்றால் கூடவில்லை, குறைகிறது: 'நல்ல பெட்டைதான் நீ' என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதுவும் ஆகாது. அதைவிட, தம்பி முதன்முதல் ஒருத்தியிடம் சொல்லவேண்டிய சொல்லை அக்கா எழுதிக் கொடுப்பதா? அதை அவனே சொல்லட்டும். வெட்டினேன்.

தாளில் இப்போது அவளுடைய பெயர் மட்டும் இருக்கிறது.

25 ஜனவரி, சனி

ஊரடங்கு. வீட்டோடு இருந்தேன். முற்றத்தில் அப்பா விட்டுப்போன வலை தொங்குகிறது. கடலுக்குப் போகத் தடை வந்த நாள் தொட்டு அது நனைந்ததில்லை, ஆனாலும் அம்மா ஓய்கிற நேரமெல்லாம் அதைத்தான் பொத்தித் திருத்திக்கொண்டிருப்பா. எலி கடித்த கண்களை ஒவ்வொன்றாக அறுத்துப் புது நூல் வைத்து முடிந்துகொண்டிருந்தா.

"இந்த முடிச்சு நாதனுக்கும் தெரியுமோ அம்மா?"

"தெரியாமல்? ஏழு வயசிலையே என்னைவிடக் கெதியாப் போடுவான். வாய்தான் வராது அவனுக்கு. கோபமெண்டாலும் சந்தோசமெண்டாலும் வந்து வலையிலை குந்தியிடுவான்."

அறைக்குள் போய் அவன் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். மடைச்சி நான்தான். எல்லாம் அதிலேயே இருக்கிறது. அவள் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறுகிறவள். வாசல் காவல்காரியின் பூனைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இவனுக்குச் சொல்கிறவள். பை அறுந்தபோது எறியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள். இந்த மூன்றும் உலகத்தில் வேறு எவளுக்கும் எழுத முடியாதவை. இதை விட்டுவிட்டு வானத்தில் சூரியனைத் தேடியிருக்கிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

முடித்துவிட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், யாராவது ஒருவர் பார்த்து மெச்சட்டும், அது நானாக இருந்தாலும் சரி.

Maryvonne,
Je ne sais pas encore quelles fleurs tu aimes, alors je n'en apporte pas.
Ce que je sais : tu montes les marches deux par deux, tu dis bonjour au chat avant moi, et tu n'as pas jeté ton filet quand il s'est déchiré.
Est-ce que le nœud tient ?
S'il tient, viens dimanche, je ferai le crabe comme chez moi. S'il ne tient pas, viens aussi, je le referai.
Nathan

உனக்கு என்ன பூப் பிடிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது, அதனால் பூக் கொண்டுவரவில்லை. எனக்குத் தெரிந்தது: நீ படிகளை இரண்டிரண்டாய் ஏறுவாய். எனக்கு முன் பூனைக்கு வணக்கம் சொல்வாய். அறுந்தபோது உன் பையை நீ எறியவில்லை. முடிச்சு நிற்கிறதா? நின்றால் ஞாயிற்றுக்கிழமை வா, எங்கள் வீட்டு முறையில் நண்டு சமைப்பேன். நிற்காவிட்டாலும் வா, திரும்பப் போட்டுத் தருவேன்.

இது என் பெருமைக்குத் தெரிந்தே செய்த துரோகம். முதலில் le nœud tient-il? என்றுதான் எழுதினேன். அதுதான் அழகு, அதுதான் படித்தவர்கள் எழுதுவது. ஆனால் தட்டுக் கழுவுகிறவன் வாயில் அது வருமா? வராது. அவன் பேசுகிற மாதிரியே மாற்றினேன். மடத்தில் மூன்று வருடம் பாடுபட்டுப் படித்த அவ்வளவு இலக்கணமும் பூட்டிய அலுமாரியில் இருக்க, ஐந்து சின்ன வசனம் மட்டும் வெளியே போகிறது. கேள்விதான் நடுவில் நிற்கிறது. புதுப் பழக்கத்துக்குக் கேள்விதான் பொருத்தம், அவளுக்குப் பதில் சொல்ல இடம் வேண்டாமா? இரண்டு பதிலுக்கும் 'வா' என்றே வைத்தேன். இதில் எனக்கு எவ்வளவு புழுகம், எவ்வளவு பெருமை என்று எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லவேண்டி வரும்.

லூர்த்தம்மாவிடம் காட்டினேன். இம்முறை சிரிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தாள்.

"பதினாலாந் திகதி தபசுகாலத்து வெள்ளிக்கிழமையடி, விருந்து ஆகாது. ஞாயிற்றுக்கிழமை எண்டு போட்டது நல்லதாப் போச்சு" என்றாள். தாளைத் திருப்பித் தந்துகொண்டு, "எனக்கெண்டால் நான் போயிருப்பன்" என்றாள். உடனே சிலுவை போட்டுக்கொண்டாள்.

27 ஜனவரி, திங்கள்

காலையில் அம்மா ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினா. பாஷையூர்ப் பிள்ளை. நல்ல முகம், மடியில் கைகளை வைத்துக்கொண்டு நேரே பார்க்கிறாள்.

"நீ தபாலுக்குப் போறனியெல்லே. இதையும் அதுக்குள்ளை வைச்சு விடு. செபமாலை அண்ணை கேட்டுக்கொண்டிருக்கிறார்."

ஒரே உறைக்குள் இரண்டுமா? படத்தை ஒளித்துவிட்டு அனுப்பினேன் என்று சொல்லலாம். என்னால் ஆகும். ஆனால் அந்தப் பிள்ளை என்ன பிழை செய்தது? அவளுடைய படத்தை அலுமாரிக்குள் பூட்டி வைக்க நான் யார்?

இரண்டையும் வைத்தேன். நாதனுக்கு நாலு வரி: "படத்திலுள்ள பிள்ளை பாஷையூர். அம்மாவின் விருப்பம். குறிப்பு நீ கேட்டது. ஒன்றைத்தான் வைத்திருக்கலாம். குறிப்பைக் கொடுப்பதானால் உன் கையால் பார்த்து எழுது. அட்டை வாங்காதே, வெள்ளைத் தாள் போதும். எழுதியபின் என் தாளைக் கிழித்துப்போடு. இதை நீ எழுதவில்லை என்று, தொலைந்ததெல்லாம் தேடித் தருகிற தூய அந்தோனியாராலும் கண்டுபிடிக்க முடியாது."

பதிவுத் தபால். போய்ச் சேர இரண்டு கிழமையாவது எடுக்கும் என்றார்கள். மட்டுமட்டுத்தான்.

12 பெப்ரவரி

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். போய்ச் சேர்ந்திருக்குமா?

14 பெப்ரவரி, வெள்ளி

எட்டாம் வகுப்புக்குக் கேள்வி வாக்கியம் படிப்பித்தேன். என் மனம் முழுக்க ஒரு மாடிப்படியில்.

16 பெப்ரவரி, ஞாயிறு

நண்டு. (சும்மா எழுதி வைக்கிறேன். நாங்கள் சாப்பிட்டது பருப்பும் கீரையும்.)

27 பெப்ரவரி

செபமாலை அண்ணை வந்து போனார். "பெடியன் மறுமொழி போடேல்லையோ? பொம்பிளை வீட்டுக்காரர் அவசரப்படுகினம்." அம்மா என் முகத்தைப் பார்த்தா. நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு ஏதோ மணத்துவிட்டது.

8 மார்ச், சனி

வந்துவிட்டது. தடித்த உறை. அவசரப்பட்டுப் பிரித்ததில் பாதி கிழிந்தது.

முதலில் நாதனின் தாள். படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்: "நல்ல பிள்ளையாத் தெரியுது அக்கா, அதுக்காகத்தான் காக்க வைக்காமல் அனுப்புறன்." பிறகு: "நீ எழுதினதை அப்பிடியே பாத்து எழுதினன். ஒரு எழுத்து மாத்தேல்லை. அடியிலை மட்டும் ஒண்டு சேர்த்தனான். கோவிக்காதை."

சேர்த்ததை எழுதியிருந்தான்.

C'est ma sœur qui a écrit. Le nœud, c'est moi.

எழுதியது என் அக்கா. முடிச்சு, நான்.

ஐயோ கடவுளே! எனக்கு வந்த கோபம்! பத்து நாள் பாடு! அவன் வாய்க்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு சொல்லாய் இறக்கி, என் கையே தெரியாமல் எழுதிக் கொடுத்தால், இந்தப் பெரிய மனிதன் அடியில் 'என் அக்கா' என்று போட்டுக் காட்டிக் கொடுக்கிறான்! தாளை மேசையில் எறிந்தேன். ஏன்ரா? ஏன்?

கீழே இன்னொரு தாள் கிடந்தது. எனக்குத் தெரியாத கையெழுத்து. பிரெஞ்சு. எனக்கு.

சுருக்கமாக எழுதுகிறேன். வாசித்து வாசித்து இப்போது மனப்பாடம்.

குறிப்பை அவள் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு ஓடிவிட்டானாம். முதல் வரி வாசித்துச் சிரித்தாளாம். பூனை வந்த இடத்தில் இன்னும் சிரித்தாளாம். பிறகு சந்தேகம் வந்ததாம்: இது நல்ல பிரெஞ்சு, நாதன் இப்படி எழுதமாட்டானே, வேறு யாராவது ஒருத்தி இவனுக்காக எழுதுகிறாளோ? குறிப்பைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தாளாம். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டதாம். "உங்கள் தம்பி பொய் சொல்லத் தெரியாதவர். முழுக் குறிப்பும் எனக்குப் பிடித்தது. ஆனால் கதவைத் திறந்து படியிறங்கினது அந்த வரிக்காக."

நான் ஒளித்த இடத்தில் பிடிபட்டிருக்கும். அவன் ஒளிக்காததால் தப்பியிருக்கிறது.

வாய் வராதவன் என்றா அம்மா. வந்திருக்கிறதே! என் ஐந்து வசனத்துக்கும் மேலால் ஒரு வரி. இலக்கணத்திலும் பிழை இல்லை. என் தம்பி. என்ரை தம்பி! எனக்கு அழுகையும் சிரிப்புமாய் வந்து, லாம்புக் கண்ணாடி துடைக்கிற துணியால் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

இன்னும் ஒன்று இருந்தது. உறையின் அடியில் ஒரு துண்டுக் கயிறு, விரல் நீளம், நடுவில் ஒரு முடிச்சு. மரிவோன் எழுதியிருந்தாள்: அவளுடைய ஊர் பிரான்சில் பிரித்தானி என்ற கடற்கரைப் பக்கமாம். தகப்பன் மீன்பிடிகாரர். படியில் நாதன் முடிச்சுப் போட்டபோது அவள் வாய் திறக்காமல் நின்றது அதனால்தானாம், அவளுடைய தகப்பன் போடுகிற அதே முடிச்சு. "இது அப்பா போட்டது. உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள்."

இனி ஒளித்துப் பயனில்லை. பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு, பூனை, வெங்காயம், நண்டு. நான் தலைகுனிந்து அடுத்த இடிக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கயித்தைக் கொண்டா."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. நகத்தால் நெரித்துப் பார்த்தா. இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தா. அசையவில்லை.

"ஆர் போட்டது?"

"அவளின்ரை தகப்பன்."

"தகப்பன் தொழிலுக்குப் போறவரோ?"

"ஓம்."

"சொந்த வள்ளமோ?"

"ஓமாம்."

"வேதக்காரரோ?"

"ஓம். கத்தோலிக்கர். அவளுக்கு முதல்நன்மை குடுத்த கோயில்கூட மாதா கோயிலாம்."

அம்மா கயிற்றைத் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. "வலைக்காரக் குடும்பம், வேதம், சொந்த வள்ளம். இதைத்தானே நான் ரெண்டு வருஷமா உந்தச் செபமாலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்? அவன் பாஷையூரைத் தாண்டிப் பாக்கேல்லை. பாவம், மனுசனுக்கு இடம் தெரியேல்லை."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. முழு மனதோடுதான் சொன்னா.

பாஷையூர்ப் பிள்ளையின் படத்தை அம்மா தானே கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுத்து, "எங்கடை பெடியனாலை உங்கடை பிள்ளைக்கு ஒரு குறை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தா. செபமாலை அண்ணைக்கு ஒரு வாரம் முகம் கறுக்கும். கறுக்கட்டும்.

16 மார்ச், ஞாயிறு

"மறுமொழி எழுதவேணும். நான் சொல்லுறன், நீ உன்ரை பாஷையிலை எழுது" என்று அம்மா எனக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தா.

உன்ரை பாஷை என்றா. நாரி நோவைச் சொல்லவில்லை.

அம்மா சொன்னது: "பிள்ளை, உன்ரை அப்பாவின்ரை முடிச்சு நல்ல முடிச்சு. என்ரை மகன் கதைக்கமாட்டான், அதுக்குக் கோவிக்காதை. கோபமெண்டால் எங்கையாவது குந்தியிருந்து எதையாவது பொத்துவான், அப்ப விளங்கிக்கொள். நண்டுக்கு மிளகு கூடப் போடச் சொல்லு. அப்பா அம்மாவைச் சுகம் கேட்டதாச் சொல்லு." நான் நடுவில் ஒரு அழகான வசனம் செருகப் பார்த்தேன். "நான் சொல்லாததை எழுதாதை" என்றா. எப்படிக் கண்டுபிடித்தா என்று தெரியவில்லை, அம்மாவுக்கு ஒரு எழுத்துத் தெரியாது.

சொன்னதை மட்டும் எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தா. தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. தம்பியிடம் படித்ததை அதில் எழுதி உறையை ஒட்டினேன்.

C'est ma mère qui parle. Le français, c'est moi.

பேசுவது என் அம்மா. பிரெஞ்சு, நான்.